மூன்றாம் வகுப்புச் சிற்றுலா: தலை எண்ணுவதில் ஒரு யோசனை தேவை

வணக்கம். எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை அடுத்த மாதம் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பள்ளிப் பேருந்தில் அழைத்துச் செல்கிறோம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்துள்ளோம்.

ஆசிரியர்கள் நால்வர் ஆளுக்கு ஒன்பது பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். கழிப்பறைக்கு ஒரு பிள்ளையை அழைத்துச் சென்றால் மீதிக் குழுவை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்ததால், எந்தக் குழுவும் ஒப்படைக்கப்படாத ஆயாம்மா ஒருவரையும் சேர்த்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு பேருந்தில் ஏறியபின் எண்ணியபோது எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் அதே நிறச் சீருடையில் வேறு பள்ளிச் சிறுவன் ஒருவன் எங்கள் வரிசையில் அமர்ந்திருந்தான், எங்கள் மாணவி ஒருத்தி தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தாள். அதனால் இம்முறை பெயர் சொல்லியே எண்ண விரும்புகிறோம். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 38 பெயர்களை வாசித்தால் பிள்ளைகள் கலைந்துவிடுகிறார்கள். இதை விரைவாகச் செய்யும் முறை தெரிந்தவர்கள் கூறுங்கள்.

மற்றொன்று: ஒப்புதல் படிவத்தில் ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண் தவிர வேறு என்ன கேட்கிறீர்கள்? கையொப்பமில்லாத படிவத்துடன் அன்று காலை வரும் பிள்ளையை என்ன செய்கிறீர்கள்?