தோற்ற டீலில் "விலை அதிகம்" என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்?

புதுக்கணக்கு:
தோத்துப்போன டீல்ல பாதிக்கு மேல சிஆர்எம்ல "விலை அதிகம்"னுதான் பதிவாகியிருக்கு. வாங்காம விட்டவங்ககிட்டயே நேரா கேட்டுரலாம்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. டீலை நடத்தின சேல்ஸ் ஆளே கேட்கலாமா, வேற ஆள் கேட்கணுமா? முடிவு வந்து எத்தனை நாள்ல?

கொட்டேஷன் குமார்:
சேல்ஸ் ஆளே கேட்கட்டும். மாசக்கணக்கா பழகினவர் அவர்தானே. வெளியாள் பேசினா பொருளும் தெரியாது, அந்தப் பக்கம் யார் யார் முடிவெடுத்தாங்கன்னும் தெரியாது. "விலைதாங்க"ன்னு சொன்னதும் "சரிங்க, நன்றி"ன்னு போனை வெச்சுருவாங்க. முடிவு வந்த அன்னிக்கே கூப்பிட்டா எல்லாம் ஞாபகத்துல இருக்கும்.

நிலாமதி:
பேசுகிறவருக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பது வரை குமாரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த டீலில் அவருக்குக் கமிஷன் இருந்திருக்கக் கூடாது. "நீங்க டெமோவுக்குத் தயாராகாம வந்தீங்க" என்று சம்பந்தப்பட்டவரிடமே யார் சொல்வார்கள்? விலை யாரையும் புண்படுத்தாத காரணம். அதைச் சொல்லி மரியாதையாக முடித்துக்கொள்வார்கள். மார்க்கெட்டிங்கிலோ ப்ராடக்ட் டீமிலோ இருப்பவர் பேசலாம். அதற்கு முன், தோற்றதற்குக் காரணம் என்று சேல்ஸ் ஆள் நினைப்பதைப் பத்து வரியில் எழுதி வாங்கிவிடுங்கள். பேட்டிக்குப் பிறகு எழுதினால் கேட்டதற்கு ஏற்ப மாற்றி எழுதிவிடுவார்.

அன்றே கூப்பிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. ஜெயித்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இருக்கலாம். உங்கள் அழைப்பை இன்னொரு சுற்று பேரம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, இரண்டு மாதத்துக்குள் பேசுங்கள். அதற்கு மேல் தள்ளினால் எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பது மறந்து, எடுத்த முடிவுக்கான நியாயம் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

சந்தேகராசு:
எவர் கேட்டாலும் பதில் பொய்யாகத்தான் இருக்கும், தெரிந்து சொல்லும் பொய் அல்ல என்றாலும். நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிக அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை. காலுறைக்கே இப்படி என்றால், பல பேர் மாதக்கணக்கில் எடுத்த முடிவுக்கு அரை மணி நேரப் பேட்டியில் என்ன காரணம் கிடைத்துவிடும்?

நிலாமதி:
அதனால்தான் "ஏன்" என்று கேட்கக் கூடாது. "முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன" என்று வரிசையாகக் கேட்க வேண்டும். காரணத்தை யோசித்துச் சொல்லலாம். நடந்ததை மெயிலும் மீட்டிங் தேதியும் காட்டிக்கொடுக்கும்.

கிடங்கு இருப்பு மென்பொருள் டீல் ஒன்றை வைத்துக்கொள்வோம். பதிவில் இருப்பது "விலை, 15% அதிகம்". வாங்கும் பக்கத்துக் கிடங்கு மேலாளரோடு பேச்சு ஆரம்பிக்கிறது. எப்போது தேட ஆரம்பித்தீர்கள்? ஆண்டுக் கணக்கெடுப்பில் இருப்பு ஒத்துவராதபோது. எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? ஐந்து; டெமோவுக்கு வந்தது மூன்று. டெமோ முடிந்த அன்று யார் முதலிடம்? "நீங்கதான்." கொட்டேஷன் எல்லார் கைக்கும் வந்துவிட்டதா? "வந்திருந்தது."

நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. 15% அதிகம் என்று தெரிந்தே முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடம் பறிபோனது எந்த வாரம்? நிதித் தலைவர் கூட்டத்துக்கு வந்த வாரம். அவர் கேட்டது, பழைய இருப்புக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு யார் மாற்றுவார்கள், எத்தனை நாள் வேலை நிற்கும் என்று. நீங்கள் எழுதிய பதில்: "ப்ராஜெக்ட் ஆரம்பிச்சதும் பேசிக்கலாம்." போட்டி நிறுவனம் எந்த நாளில் யார் என்ன செய்வார் என்று இரண்டு பக்கத் திட்டம் அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் "உறுதியில்லாததுக்கு ஏன் 15% கூட?" என்ற பேச்சு வந்தது. கடைசி மெயிலில் மிஞ்சியது "விலை" மட்டும்.

சந்தேகராசு:
நல்ல வரிசைதான். ஆனால் 15% குறைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்று எப்படித் தெரியும்? அதைக் கேட்டாலும் வருவது கற்பனைப் பதில்தானே.

நிலாமதி:
அப்படிக் கேட்க மாட்டேன். அந்தச் சமயத்தில் டிஸ்கவுன்ட் கேட்டார்களா என்று உங்கள் மெயிலிலேயே பாருங்கள். உங்களிடம் வாங்கத்தான் ஆசை, பணம்தான் தடை என்றால் ஒரு தடவையாவது குறைக்கச் சொல்லியிருப்பார்கள். பேரமே பேசாமல் போனவர் "விலை" என்றால் நான் நம்புவதில்லை.

சந்தேகராசு:
சில நிறுவனங்களில் சீல் வைத்த விலைதான், பேரத்துக்கே இடமில்லை. அங்கே இந்தச் சோதனை உதவாது.

நிலாமதி:
உதவாது, சரிதான்.

எதிர்ப்பக்கம்:
நான் பர்ச்சேஸ்ல இருக்கறவன். எங்களைக் கேட்டா எப்பவும் விலைன்னுதான் சொல்லுவோம், எங்க மேஜைக்கு வர்றது அது மட்டும்தான். கிடங்கு மேலாளரைக் கேட்டா வசதி பத்திச் சொல்லுவார். நிதித் தலைவர் தனியறையில என்ன சொன்னார்னு அவருக்கும் முழுசாத் தெரியாது. ஒரு டீலுக்கு ரெண்டு பேர்கிட்டயாவது பேசுங்க, அதுல ஒருத்தர் உங்களுக்கு எதிரா நின்னவரா இருக்கட்டும்.

கொட்டேஷன் குமார்:
தோத்தவனுக்கு ஒரு ஆள் நேரம் குடுக்கறதே பெருசு, இதுல ரெண்டு பேரா?

எதிர்ப்பக்கம்:
முதல் ஆள்கிட்ட பேசி முடிக்கும்போது "இதை வேற மாதிரி பார்த்தவர் யாராவது உண்டா?"ன்னு கேளுங்க. பாதி நேரம் அவரே பேர் சொல்லுவார்.

பாலா_ஏஜென்சி:
எனக்கும் இதே பிரச்சனை. கொட்டேஷன் வாங்கிட்டு மூணு மாசமா பதிலே இல்லை. இந்தப் பேட்டியைச் சாக்கா வெச்சுக் கூப்பிட்டு, 10% குறைக்கறேன்னு சொன்னா திரும்ப வருவாங்களா?

நிலாமதி:
பாலா, அது பேட்டி இல்லை, ஃபாலோ-அப். "விற்பனைப் பேச்சு கிடையாது" என்று கூப்பிட்டுவிட்டு நடுவில் விலை சொன்னால் அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் டீல் தோற்கவும் இல்லை, ஒருவேளை யாரிடமும் வாங்காமல் பழைய முறையிலேயே தொடர்கிறார்கள். அதைத் தனி வகையாகப் பதியுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, மாற்றாமல் இருப்பதால் உள்ளே யாருக்கு என்ன நஷ்டம் என்பதை.

சந்தேகராசு:
இன்னொன்று. தோற்ற டீலை மட்டும் கேட்பது பயனில்லாத வேலை. "கணக்கு மாற்றத் திட்டம் தரவில்லை" என்ற குறை ஜெயித்த டீலிலும் இருந்து, அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை என்றால் அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் ஒரே கேள்வி வரிசையில் கேளுங்கள். எட்டுப் பத்துப் பேட்டியை வைத்து "37.5% பேர்" என்று வட்டப்படம் போடாதீர்கள். எட்டில் மூன்று என்றே எழுதுங்கள், எந்த மூன்று என்பதோடு.

புதுக்கணக்கு:
ரெண்டு பக்கமும் கேட்கறோம், மார்க்கெட்டிங் ஆள்தான் பேசுவார். கடைசியா ஒண்ணு: ரெக்கார்டிங்கை அந்த சேல்ஸ் ஆளுக்குக் குடுக்கலாமா?

கொட்டேஷன் குமார்:
கண்டிப்பாக் குடுங்க. அடுத்தவர் எழுதின சுருக்கத்தை எந்த சேல்ஸ் ஆளும் நம்பமாட்டார். கஸ்டமர் குரல்ல கேட்டாத்தான் உறைக்கும்.

நிலாமதி:
நான் தர மாட்டேன். பேர் சொல்லிக் குறை சொன்னவரை அவர் அடுத்த நாளே கூப்பிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். எழுத்து வடிவில், ஆள் அடையாளம் நீக்கி, பல டீல்களைச் சேர்த்து மொத்த டீமுக்கும் தாருங்கள்.

எதிர்ப்பக்கம்:
ரெக்கார்டிங் வெளிய போகும்னு தெரிஞ்சா நான் வாயே திறக்க மாட்டேன். யார் கேட்பாங்கன்னு முதல்லயே சொல்லிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க.