‘ரெசிப்ரோக்கல் ரேங்க் ஃப்யூஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குமுளியிலிருந்து

வணக்கம். ஏலக்காய் விவசாயக் குறிப்புகளைத் தேடித்தரும் தளம் ஒன்றுக்குக் கையேடு எழுதுகிறேன். சொல்லை வைத்துத் தேடினால் ஒரு பட்டியல் வரும். பொருளை வைத்துத் தேடும் வெக்டர் தேடல் இன்னொன்றைத் தரும். இரண்டையும் சேர்க்கும் முறைக்கு இப்போதைக்கு ‘தலைகீழ்த் தர இணைப்பு’ என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த கங்காணி, “கடைசியில் கிடக்கிறதை மேலே தூக்கிப் போடுமோ?” என்றார். வேறு நல்ல சொல் உண்டா?

செங்கோட்டையிலிருந்து

கங்காணி சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தம்பி. ‘தலைகீழ்’ என்றால் பட்டியலையே கவிழ்ப்பதாகத்தான் படும். ‘தரம்’ இன்னும் மோசம். 2009-இல் கார்மக் குழுவினர் இதை வெளியிட்டபோது, மதிப்பெண்ணையே பார்க்காத எளிய முறை என்பதுதான் அதன் சிறப்பு. எத்தனையாவது இடம் என்பது மட்டுமே கணக்கு.

‘ஏலக்காய் அழுகல்’ என்று தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டோ கலவைக் குறிப்பு சொல் தேடலில் 14.2 மதிப்பெண்ணோடு முதலிடம், வெக்டரில் 0.79 பெற்று நான்காமிடம். 14.2-ஐயும் 0.79-ஐயும் கூட்டினால் வெக்டரின் பேச்சு எடுபடாது. அதனால் இடத்தோடு 60-ஐக் கூட்டி, அதன் தலைகீழியை எடுக்கிறோம்:

```
1/(60+1) + 1/(60+4) = 0.0320
```

மழையில் காய் கறுத்து உதிர்வதைப் பற்றிய குறிப்பில் ‘அழுகல்’ என்ற சொல்லே இல்லை. அது வெக்டரில் மட்டும் முதலிடம். 1/61, அதாவது 0.0164-தான் கிடைக்கும். பள்ளிப் பாடநூலிலேயே ‘தலைகீழி’ இருக்கிறது, ஆகவே ‘இடத் தலைகீழி இணைவு’ என்கிறேன்.

நகரியிலிருந்து

எதற்கு இவ்வளவு சுற்று? இரண்டு மதிப்பெண்ணையும் 0 முதல் 1 வரை சுருக்கிக் கூட்டினால் முடிந்தது. இடத்தை மட்டும் பார்த்தால், முதலாவதும் இரண்டாவதும் எட்ட நின்றாலும் ஒட்டி நின்றாலும் ஒன்றாகிவிடுகிறதே.

செங்கோட்டையிலிருந்து

அந்த இழப்பு உண்மைதான் சார். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு எடை என்று சரிபார்க்க, விடை தெரிந்த கேள்விகள் கொஞ்சம் கையில் இருந்தால் உங்கள் வழி இதைவிட நன்றாகவே வரலாம். ஆனால் சுருக்கும்போது ஒரே ஒரு குறிப்பு 30 வாங்கிவிட்டால், 9-உம் 8-உமாக நிற்கும் மற்றவை எல்லாம் அடியில் நசுங்கிவிடும். இட முறையில் அந்தத் தொல்லை இல்லை.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து

நூலகப் பட்டியலுக்கு நாங்களும் இதைத்தான் போட்டோம். இணைக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு பட்டியலையும் மாற்றி மாற்றி அடுக்கித் தருகிறது. ‘மாற்றடுக்கு’ என்று பெயர் வைக்கலாமோ?

செங்கோட்டையிலிருந்து

அப்படி அடுக்கினால் ஒரு குறிப்புகூட இரண்டிலும் பொருந்தவில்லை என்று அர்த்தம். சொல் தேடலில் முழு நூலுக்கு ஓர் அடையாள எண்ணும், வெக்டரில் பத்திக்குப் பத்தி வேறு எண்ணும் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். எண் ஒன்றாக இல்லாவிட்டால் கூட்டலே நடக்காது.

குமுளியிலிருந்து

அக்கா, எங்களுக்கு வேறு சிக்கல். ‘ஏலக்காய் கட்டே’ என்று தேடினால் கட்டே நோய்க் குறிப்பு சொல் தேடலில் முதலாவது. வெக்டருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை, அது தரும் முதல் நூறில் அந்தக் குறிப்பே இல்லை. சேர்த்த பிறகு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

செங்கோட்டையிலிருந்து

60 செய்கிற வேலை அது. இரண்டிலும் 61-ஆவதாக வந்த ஒன்று 2/121 வாங்கும். உங்கள் கட்டே குறிப்புக்கு 1/61-தான். 62-இல் இரண்டும் சமம். அதற்கு முந்தைய இடங்களில் இரண்டு பட்டியலிலும் தலைகாட்டிய எல்லாமே உங்கள் குறிப்பை முந்தும். ‘ஏலக்காய்’ எல்லாக் குறிப்பிலும் இருப்பதால் அப்படிப்பட்டவை நிறைய.

சொல் தேடலில் இரண்டு சொல்லும் இருந்தே ஆகவேண்டும் என்று வையுங்கள். அந்தப் பட்டியல் சுருங்கி, கட்டே குறிப்பு வெக்டரின் முதலிடத்தோடு சமமாக மேலே நிற்கும். ஆனால் நீளமான கேள்விகளில் சொல் பட்டியல் வெறுமையாகிவிடும். இல்லையென்றால் அந்த 60-ஐ, எலாஸ்டிக்சர்ச் தேடல் மென்பொருளில் `rank_constant` என்று இருப்பதை, குறையுங்கள். 1 என்று வைத்தால் சமமாகும் இடம் 3-க்கு இறங்கிவிடும். அப்போது ஒரு பட்டியல் தப்பாக முதலில் வைத்ததும் அப்படியே மேலே வரும். எது தேவலை என்பது உங்கள் கேள்விகளைப் பொறுத்தது.

நகரியிலிருந்து

அந்த 60-க்கு என்ன பெயர்? ‘மாறிலி’ என்றால் மாற்றக்கூடாது என்றாகிவிடுமே. ‘இடத் தலைகீழி’யும் வாயில் நுழையவில்லை; ‘இடவழி இணைவு’ போதும்.

குமுளியிலிருந்து

‘இடவழி இணைவு’ என்றே கையேட்டில் போட்டுப் பார்க்கிறேன் சார். 60-க்கு ‘தணிப்பு எண்’ சரிவருமா? முதலிடத்தின் துள்ளலைத் தணிக்கிறதல்லவா.

செங்கோட்டையிலிருந்து

தலைகீழியை விட்டால், இடங்களை நேராகக் கூட்டும் போர்டா முறைக்கும் இதே பெயர் பொருந்திவிடும் தம்பி. ‘தணிப்பு எண்’ எனக்குச் சம்மதம்.