பழைய கையேடுகளிலிருந்து மொழிபெயர்ப்பு நினைவகம்: பாதிக்கு மேல் வரிகள் தடம் மாறுகின்றன, உதவி தேவை

பாம்பன் காற்று:
வணக்கம். மன்னார் வளைகுடா கரையோரக் கிராமங்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் முன்பு வெளியிட்ட மீனவர் பயிற்சிக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவள் நான். அதே கையேடுகளைத் திருத்தி, புதிய பகுதிகள் சேர்த்து, மறுபடி கொண்டுவருகிறார்கள். வேலை தொடங்குவதற்கு முன் பழைய ஆங்கிலக் கோப்பையும் தமிழ்க் கோப்பையும் வரிக்கு வரி இணைத்து, டிஎம்எக்ஸ் என்ற நினைவகக் கோப்பாக்கி, ஒமேகாடி மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுவிடலாம், பழைய வரி மறுபடி வந்தால் அதன் தமிழை அதுவே எடுத்துக் காட்டும் என்று நினைத்தேன்.

வரிகளை இணைக்கும் எல்எஃப் அலைனர் மென்பொருளில் முதல் கையேட்டைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் 1146 துண்டுகள், தமிழில் 391 என்று காட்டுகிறது. முதல் இரண்டு அத்தியாயங்களில் தமிழ்ப் பத்திகள் முழுசாக, மூன்று நான்கு ஆங்கில வாக்கியங்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு எதுவுமே பொருந்தவில்லை. மீன்பிடித் தடைக்காலம் பற்றிய ஆங்கில வரிக்கு எதிரே ஐஸ் பெட்டி கழுவும் முறை நிற்கிறது. இரண்டும் வேர்டு கோப்புகள்தான், தமிழ் யூனிகோடுதான். வேறு இரண்டு கையேடுகள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, அதற்கு இன்னும் போகவே இல்லை. எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

கீழக்கரை காக்கா:
இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் தங்கச்சி. அந்த மென்பொருளே நடுவில் ஒரு கேள்வி கேட்கும்: வாக்கியமாகப் பிரித்ததை வைத்துக்கொள்வதா, இல்லை பத்தி அளவுக்கே திரும்பிவிடுவதா என்று. பத்தி என்று சொல்லிவிடுங்கள். நான் எப்போதும் பத்தியோடு பத்தியைத்தான் இணைப்பேன். இந்தச் சிக்கல் வந்ததே இல்லை.

ஏர்வாடி ஆவணம்:
எனக்கும் இதே தொல்லைதான். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் படமாகத்தான் கையில் இருக்கின்றன. இவற்றை எப்படி இணைப்பது?

தொண்டி அக்கா:
ஏர்வாடிக்காரரே, உங்களுடையது வேறு கதை. படத்திலிருந்து முதலில் எழுத்தை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் சான்றிதழில் மாறுவது பெயரும் தேதியும்தான், மற்றது ஒரே அச்சு. நல்ல வார்ப்புருக் கோப்பு ஒன்று உங்களுக்குப் போதும், இணைப்பு வேலையே தேவையில்லை.

பாம்பன் தங்கச்சி, 1146-க்கு 391 என்ற கணக்கிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தமிழ்க் கோப்பு வாக்கியமாகப் பிரியவே இல்லை. இந்த வகைப் பிரிப்பான்கள் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. முற்றுப்புள்ளி, அப்புறம் இடைவெளி, அதற்கப்புறம் பெரிய எழுத்து என்று மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் பத்தி பத்தியாகவே நின்றுவிட்டது. பிரித்த தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள், ஒரு வரியில் நாலு முற்றுப்புள்ளி இருந்தால் நான் சொல்வது உறுதி.

காக்கா சொன்னபடி பத்திக்குத் திரும்பினால் இணைப்பு ஒழுங்காக வரும், அது உண்மை. ஆனால் புது வேலையில் ஒமேகாடி வாக்கியம் வாக்கியமாகத்தான் கேட்கும். பழைய பத்தியில் ஐந்து வாக்கியம் இருந்து, புதுக் கோப்பில் அதில் ஒன்று மட்டும் வந்தால், பொருத்தம் மிகக் குறைவாகத்தான் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. சொல் தேடிப் பார்க்க மட்டும் உதவும். திருத்தப் பதிப்பு என்றால் பத்திக்குள் ஒரு வரி மட்டும் மாறியிருக்கும் இடங்கள் நிறைய. அங்கேதான் உங்களுக்கு நினைவகத்தின் பலனே, அது கையைவிட்டுப் போகும்.

அதனால் தமிழை நீங்களே பிரித்துக் கொடுங்கள். கோப்பை வெற்று உரையாகச் சேமித்து, நோட்பேட்++ தேடு-மாற்று பெட்டியில் Regular expression என்பதைத் தேர்ந்து இதைப் போடுங்கள். முதல் வரி தேட, இரண்டாவது மாற்ற:

```
(?<!\d)(?<!ரூ)(?<!எண்)(?<!திரு)(?<!கி\.மீ)([.?!])\x20+
$1\n
```

முன்னால் இருக்கிற அடைப்புகள் எல்லாம் "இந்தச் சொல்லுக்குப் பின் வரும் புள்ளியில் வெட்டாதே" என்று சொல்பவை. உங்கள் கையேட்டில் வேறு சுருக்கங்கள் இருந்தால் அதே மாதிரி சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பின் வெட்டாமல் விட்டதற்குக் காரணம் "3. வலை" போன்ற வரிசை எண்கள். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில்தான் முடியும், எண்ணில் முடிவது அரிது. அதனால் இந்த விதியால் பெரிய நட்டம் வராது.

இது முதல் அத்தியாயங்களுக்கு மருந்து. நாலாம் அத்தியாயத்தில் நடந்தது வேறு என்று நினைக்கிறேன். பிரிப்பதற்கு முன் ஆங்கிலத்தில் எத்தனை பத்தி இருந்தது?

பாம்பன் காற்று:
அக்கா, நீங்கள் சொன்னதுதான், தமிழ்க் கோப்பில் ஒரு வரியில் ஐந்தாறு வாக்கியம் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 438 பத்தி. இப்போது நினைவு வருகிறது, நான்காம் அத்தியாயம் ஆய்வு முறையும் நிதி விவரமும். மீனவர்களுக்கு வேண்டாம் என்று நிறுவனமே தமிழில் விட்டுவிடச் சொன்னது. பதிலாக ஐஸ் பெட்டி, மீன் பாதுகாப்பு என்று தமிழிலேயே எழுதிய ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதற்கு ஆங்கில மூலம் கிடையாது.

தொண்டி அக்கா:
அதுதான் தடம் புரண்ட இடம். எல்எஃப் அலைனர் உள்ளே ஓடுவது ஹன்அலைன் என்ற இணைப்பு நிரல். அது முதலில் வாக்கிய நீளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, நீளத்துக்கு நீளம், மேலிருந்து கீழாக. ஒரு வாக்கியம் இரண்டானாலும் இரண்டு ஒன்றானாலும் சமாளிக்கும். இடையில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பிடித்துக்கொள்ளும். ஒரு முழு அத்தியாயம் ஒரு பக்கம் இல்லாமல், அதே இடத்தில் கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வேறு விஷயம் மறுபக்கம் இருந்தால், இரண்டும் ஜோடி என்றே நம்பிவிடும். உங்கள் கோப்பில் நடந்தது அதுதான். வரிசை மாற்றி வைத்த பகுதிகளையும் அது கண்டுபிடிக்காது.

முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். அத்தியாயத் தலைப்புகளில் வெட்டி `01_en.txt`, `01_ta.txt` என்று ஜோடி ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி இல்லாத ஆங்கில நான்காம் அத்தியாயத்தையும் தமிழ் ஐஸ் பெட்டியையும் தூக்கி ஓரமாகப் போடுங்கள். ஒரு அத்தியாயத்தில் பிழை விழுந்தாலும் அது அடுத்ததற்குத் தாவாது, இந்த முறையின் முழு லாபமும் அதுதான்.

இணைத்த பிறகு எல்லா வரியையும் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம். உங்கள் கையேட்டில் தேதி, கண்ணி அளவு, ஆழம், அபராதம் என்று எண் நிறைய இருக்கும். இரண்டு பக்கத்து எண்களும் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் பிடித்துப் பாருங்கள். டேப் பிரித்த வெளியீட்டுக் கோப்பின் மேல் இதை ஓட்டலாம்:

```python
import re
def n(s):
    s = re.sub(r"(?<=\d),(?=\d)", "", s)
    return sorted(re.findall(r"\d+", s))
for i, l in enumerate(open("out.txt", encoding="utf-8"), 1):
    c = l.rstrip("\n").split("\t")
    if len(c) > 1 and n(c[0]) != n(c[1]):
        print(i, c[0][:50], "|", c[1][:50])
```

ஆங்கிலத்தில் "three" என்று எழுத்தில் இருந்து தமிழில் 3 என்று போட்டிருந்தால் அதையும் பிழையாகக் காட்டும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அடுத்தடுத்து நாலைந்து வரி தொடர்ச்சியாக வந்தால்தான் அங்கே தடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பாமினிக் கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் இதெல்லாம். பாமினியில் "கடல்" என்பது கணினிக்கு "fly;" தான். மாற்றியைத் தட்டினால் கடல் கடலாகிவிடும், ஆனால் இடையில் இருக்கிற நிஜ ஆங்கிலமும் சேர்ந்து மாறும். GPS என்பது "புீளு" என்று வந்து நிற்கும். எண்களை மாற்றி தொடாது. ஆகவே மாற்றுவதற்கு முன் GPS-க்குப் பதில் 99001, CMFRI-க்குப் பதில் 99002 என்று வைத்து, மாற்றிய பிறகு திரும்பப் போடுங்கள். வேர்டு தேடல் பெட்டியில் ஆங்கிலச் சொற்களின் எழுத்துருவை மட்டும் கொடுத்துத் தேடினால் பாமினி அல்லாத சொற்கள் எங்கெங்கே என்று காட்டிவிடும்.

கீழக்கரை காக்கா:
சரி, பத்தி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள். பழைய கையேட்டில் தடைக்காலம் 45 நாள் என்று இருக்குமே? ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017 முதல் 61 நாள் ஆகி ஜூன் 14 வரை போய்விட்டது. இணைப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நினைவகம் பழைய 45-ஐத்தானே கொண்டுவந்து நீட்டும்?

தொண்டி அக்கா:
நல்ல கேள்வி காக்கா. புது ஆங்கில வரியில் 61 என்று இருந்தால் அது முழுப் பொருத்தமாக வராது, வித்தியாசம் தெரியும். ஆபத்து, எண்ணே இல்லாத வரிகளில். "தடைக்காலம் மே மாத இறுதியில் முடிகிறது" மாதிரி. ஆங்கிலத்தைத் திருத்தியவர் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அப்படியே நூறு சதவீதமாக வந்து உட்காரும். அதனால் இணைத்து எடுத்த டிஎம்எக்ஸை ஒமேகாடி திட்டத்தின் `tm` கோப்புறையில் நேராகப் போடாமல், அதற்குள் `penalty-010` என்று ஒரு உட்கோப்புறை செய்து அதில் போடுங்கள். ஒவ்வொரு பொருத்தத்திலும் பத்து கழித்துத்தான் காட்டும், எதுவும் நூறாக வராது, ஒவ்வொன்றையும் படித்தே ஆக வேண்டும். `tm/auto`-வில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அது கேட்காமலே நிரப்பிவிடும்.

தடைக்கால வரிகளை நினைவகத்திலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாக்கிய அமைப்பு பயன்படும், எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

கீழக்கரை காக்கா:
நான் என்றால் நீக்கிவிடுவேன். சட்டம் சார்ந்த வரியில் சோம்பலுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சேதுக்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பழைய மொழிபெயர்ப்பு யாருடையது? காசு கொடுத்த நிறுவனத்துடையது என்றால், அதை நினைவகமாக்கி அவர்கள் வேலைக்கே பயன்படுத்துவது சரி. அதே டிஎம்எக்ஸை நாளை வேறு வாடிக்கையாளரின் திட்டத்தில் திறப்பீர்களா? பழைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா?

பாம்பன் காற்று:
ஒப்பந்தம் என்று தாளில் எதுவும் இல்லை, மின்னஞ்சலில் பேசியதுதான். இப்போதைக்கு அவர்கள் திட்டத்துக்கு மட்டும்தான். மற்றதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அக்கா, தமிழை வெட்டியதும் 1032 துண்டு வந்தது. ஜோடி இல்லாத பகுதிகளை எடுத்துவிட்டு அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்ததில் வரிகள் நேராக நிற்கின்றன. எண் சோதனையில் ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கொத்து மாட்டியது. அங்கே வலைக் கண்ணி அளவு அட்டவணை இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைவரிசையாக வரும் கட்டங்களைத் தமிழ்ப் பதிப்பில் வடிவமைப்பாளர் நெடுவரிசையாகத் திருப்பி வைத்திருக்கிறார். இதை எப்படி நேராக்குவது?

தொண்டி அக்கா:
அட்டவணையை உரையாக்குவதற்கு முன் எக்செல்லில் ஒட்டி, Transpose கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். கட்டங்கள் இணைக்கப்பட்டிருந்தால் அது ஒழுங்காக வராது. பத்துப் பதினைந்து வரி என்றால் கையால் எழுதிவிடுவதே வேகம்.

பாம்பன் காற்று:
கட்டங்கள் இணைந்துதான் இருக்கின்றன அக்கா.

ஏர்வாடி ஆவணம்:
அக்கா, அந்த வார்ப்புருக் கோப்பு எப்படிச் செய்வது என்று தனியாகக் கேட்கட்டுமா?