வண்ணம் ஏறும் பரப்புக்கு ஒரு சொல்: விலைப்புள்ளி கோரும் கடிதத்துக்காக

குடியிருப்போர் சங்கச் செயலாளர்:

அன்புடையீர், எங்கள் அடுக்ககத்தின் நடைவழிகள், படிக்கட்டுகள் உள்ளிட்ட பொதுப் பகுதிகளுக்கு வண்ணம் பூச, நான்கு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கோரும் கடிதத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். 'பரப்பு' என்று மட்டும் எழுதினால் ஒருவர் தரையளவையும், வேறொருவர் கதவு சன்னலோடு சேர்த்த சுவரளவையும் எடுத்துக்கொள்வார். வரும் விலைகளை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. உண்மையில் வண்ணம் ஏறும் இடத்தின் அளவை மட்டும் சுட்ட ஒரு சொல் வேண்டும். 'பூச்சுப் பரப்பு' பொருந்துமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

'விலைப்புள்ளி' என்பதைவிட 'ஒப்பந்தப்புள்ளி' என்பதே முறையான சொல் என்று கருதுகிறேன். எங்கள் குடியிருப்பில் வந்த மூன்று விலைகளில் குறைந்ததை ஏற்றோம். கடிதத்தில் 'இரண்டு கோட்' என்றிருந்ததை அந்த ஒப்பந்தக்காரர் பிரைமர் ஒன்று, வண்ணம் ஒன்று என்று கொண்டுவிட்டார். சன்னலிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும் வேளையில் பழைய நீல நிறம் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

கட்டுமான மதிப்பீட்டாளர்:

அம்மா, ஒப்பந்தப்புள்ளி என்பது முறைப்படி அறிவித்துப் பெறும் டெண்டருக்கு வழங்குவது. தெரிந்த நால்வரிடம் விலை கேட்பதற்கு விலைப்புள்ளியே போதும். ஆனால் உங்கள் அனுபவம் இந்தக் கடிதத்துக்கு மிகவும் வேண்டியது. 'பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல் வண்ணம் இரண்டு கோட்' என்று வேலையின் வரிசையிலேயே எழுதிவிட்டால் அந்த ஐயத்துக்கு இடமிராது.

'பூச்சுப் பரப்பு' வேண்டாம் என்பேன். வேலைத்தளத்தில் பூச்சுவேலை என்றால் சிமெண்ட் பூச்சுதான் நினைவுக்கு வரும். ஈரம் ஏறிப் பொரிந்த இடங்களைக் கொத்திவிட்டு மறுபடி பூசும் வேலையும் இதே கடிதத்தில் தனி இனமாக வரப்போகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், எந்த அளவுக்கு எந்த விலை என்பதில் பிணக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் 'நிகரப் பரப்பு' எனலாம். கணக்கியலில் நிலைத்த சொல்லாதலால் விளக்கம் தேவைப்படாது.

கட்டுமான மதிப்பீட்டாளர்:

பாதி ஏற்கிறேன். எதைக் கழித்து வந்த நிகரம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லையே. 20 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட, இரு முனைகளும் திறந்த ஒரு நடைவழியை எடுத்துக்கொள்வோம். தரையளவு 30 சதுர மீட்டர். இரு நெடுஞ்சுவர்கள் 120, மேற்கூரையின் அடிப்பக்கம் 30, ஆக 150 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் 2.1 சதுர மீட்டர் கொண்ட எட்டுக் கதவுகளுக்கு 16.8 கழித்தால் எஞ்சுவது 133.2. கழிக்காதவருக்கும் கழித்தவருக்கும் இடையே ஐந்து தளங்களில் 84 சதுர மீட்டர் வேறுபாடு வந்துவிடும். அரைச் சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு திறப்புகளைக் கழிக்காமல் விடுவது பரவலான வழக்கம், ஏனெனில் அவற்றின் உள்விளிம்புகளுக்கும் வண்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வரம்பையும் கடிதத்திலேயே குறித்துவிட வேண்டும். சொல்லுக்கு 'வண்ணப் பரப்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

வண்ணவேலை மேற்பார்வையாளர்:

இவ்வளவு அளப்பது எதற்கு என்று விளங்கவில்லை. ஒப்பந்தக்காரர்களை நேரில் வரச் சொல்லி, மொத்தத் தொகை கேட்டால், அளவில் நேரும் பிழை அவர்களுடைய பொறுப்பாகிவிடுமே.

கட்டுமான மதிப்பீட்டாளர்:

நேரில் பார்க்கச் செய்வது கட்டாயம் வேண்டும். சுவரில் உப்புப் பூத்திருப்பதையும், படிக்கட்டுக் கூண்டில் சாரம் கட்ட வேண்டியிருப்பதையும் தாளில் பார்த்துக் கணிக்க முடியாது. எனினும் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், இடையில் ஒரு தளத்தைச் சேர்க்கவோ விடவோ நேரும்போது எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு அடிப்படை இருக்காது. வண்ணப் பரப்பை நாமே அளந்து நால்வருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, சதுர மீட்டர் விலையையும் மொத்தத் தொகையையும் சேர்த்தே கேட்பது நல்லது.

மொழிபெயர்ப்பாளர்:

'வண்ணப் பரப்பு' என்பது நிறமுள்ள பரப்பு என்றும் பொருள்படுமே என்ற தயக்கம் எனக்கு நீங்கவில்லை. 'வண்ணமேறு பரப்பு' என்றால் வினைத்தொகையாக நின்று, இனி வண்ணம் ஏற வேண்டியதையும் சுட்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்:

நன்றி. இப்போதைக்கு இவ்வாறு எழுதுகிறேன்: "வண்ணமேறு பரப்பு என்பது, அரைச் சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறப்புகளைக் கழித்த பின், சுவரிலும் மேற்கூரையின் அடிப்பக்கத்திலும் வண்ணம் பூச வேண்டிய அளவாகும். எத்தனை கோட் அடித்தாலும் இந்த அளவு ஒரு முறையே கணக்கிடப்படும்." படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பிகள் இதில் அடங்குமா?

வண்ணவேலை மேற்பார்வையாளர்:

அடங்காது. கம்பிக்கு எனாமல், விலையும் வேறு. நாங்கள் நீள மீட்டரில் கேட்போம். சிலர் கம்பித் தடுப்பு முழுவதையும் ஒரு தட்டையான பரப்பாக அளப்பார்கள்.

கட்டுமான மதிப்பீட்டாளர்:

இரண்டு முறையும் வழக்கில் உள்ளன. கம்பிகளைத் தனி இனமாக்கி நீள மீட்டரில் விலை கேளுங்கள். பரப்பாக அளப்பதானால் அதற்கு என்ன பெயரிடுவது என்பதை இங்கே இனிமேல்தான் பேச வேண்டும்.