புதுப்பிப்பு: வீகன் சப்ளிமென்ட் பிளான், 4 மாசம் கழிச்சு

நான் அன்னிக்கு கேட்டது: "வீகனாகி 2 வருஷம், பி12, அயோடின், டி, ஜிங்க், ஒமேகா 3 எல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிக்கலாமா?"

ஒண்ணொண்ணா தான் ஆரம்பிச்சேன், அப்பதான் எது ஒத்துக்கலன்னு தெரியும். முதல்ல பி12. ஸ்பைருலினாவே போதும்னு ஒருத்தர் சொன்னீங்க, அது தப்பு, அதுல இருக்கறது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வகை, ஆனா டெஸ்ட்ல நம்பர் மட்டும் நல்லா காட்டலாம். எனக்கும் அதே கதை, பி12 நார்மல், கால் விரல் மட்டும் மரத்துப்போகுது. எம்எம்ஏன்னு ஒண்ணு, உடம்புக்கு பி12 பத்தலன்னா ரத்தத்துல ஏறும், இன்னொருத்தர் சொன்ன அந்த டெஸ்ட் எடுத்தா அது ஏறியிருக்கு. டாக்டர் தினம் 1000 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் குடுத்தார், இப்ப எம்எம்ஏ இறங்கிடுச்சு, மரப்பு இன்னும் முழுசா போகல.

ரெண்டாவது அயோடின். கெல்ப்ங்கற கடல்பாசி மாத்திரை பாட்டில தூக்கிப்போட்டுட்டேன், அதுல அயோடின் அளவு ஏறி இறங்கும், அதிகமானாலும் தைராய்டு கெடும். 150 மைக்ரோகிராம் பொட்டாசியம் அயோடைடு தான் இப்ப.

டி3 லைக்கன்ல எடுத்தது, சாப்பாட்டோட. ஜிங்க் 10 மில்லிகிராம், வெறும் வயித்துல போட்டு குமட்டி ஓடினேன். ஒமேகா 3க்கு பாசி எண்ணெய், டிஹெச்ஏ 250 மில்லிகிராம், வித்தியாசம் ஒண்ணும் தெரியல, விடவும் மனசில்ல.

முடி கொட்டுதுன்னு கேட்டவங்களுக்கு, என் கேள்வி அது இல்லங்க, ஆனா உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு எவ்வளவுன்னு காட்டற ஃபெரிட்டின் டெஸ்ட் பாத்துடுங்க.