புதுப்பிப்பு: தீர்ப்பாய அறிக்கை, விசாரணை முடிந்தது

முன்பு இங்கே கேட்டது: "இங்கிலாந்தில் வார்டு நர்ஸ் நான். மனநலச் சட்டத்தின் பிரிவு 3-இல் கட்டாய சிகிச்சையில் இருப்பவர் தன்னை விடுவிக்கக் கோரித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார். என் அறிக்கையில் முன்னேற்றத்தை எழுதினால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாதா?"

நேற்று விசாரணை. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

இங்கே பதில் எழுதிய சீனியர் அக்கா சொன்னபடி "இரவில் ஆக்ரோஷம்" என்ற வரியைத் தூக்கினேன். பதிலாக: "4ஆம் தேதி இரவு 10 மணிக்கு மாத்திரையை மறுத்துக் கோப்பையைத் தட்டிவிட்டார். 20 நிமிடம் பேசியதும் வாங்கிக்கொண்டார். யாரும் பிடித்து அடக்கவில்லை. பிறகு ஐந்து வாரமாக ஒரு வேளைகூடத் தவறவில்லை."

"ஆபத்து இருந்தாலே விடமாட்டார்கள்" என்று இங்கே எழுதியவர் சொன்னது பாதி சரி. ஆபத்தோடு, நோயின் இயல்பு அல்லது இப்போதைய தீவிரம் மருத்துவமனையில் வைக்கும் அளவுக்கு இருப்பதையும் நிரூபிக்க வேண்டியது மருத்துவமனைதான், நோயாளி அல்ல.

நீதிபதி நின்றது ஒரே இடத்தில்: "வீட்டுக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிடுவேன்" என்று நோயாளி சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். துணையில்லாமல் நான்கு முறை வெளியே போய் நேரத்துக்குத் திரும்பினாரே என்று நோயாளியின் வக்கீல் மடக்கினார். அதுவும் என் அறிக்கையில் இருந்ததுதான்.

விடுவிக்கவில்லை. வீட்டில் இரவு தங்க விடுப்பு தரலாம் என்று பரிந்துரைத்தார்கள். மருத்துவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்துவது பற்றிய அந்த ஒரு வரிக்காக நோயாளி என்னோடு பேசுவதில்லை. எழுதுமுன் அவரிடம் படித்துக் காட்டியிருக்கலாமோ?