தீபாவளி முடிஞ்சு பட்டறை திறக்கிற அன்னைக்கே பத்து மணிக் கூட்டமா?

கொலுசுக்கடை முதலாளி: ஒரு வாரம் லீவு விடப் போறேன். திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரையும் உக்கார வெச்சு தை மாசக் கல்யாண ஆர்டருக்குத் திட்டம் போடணும். ஞாயிறு ராத்திரி குரூப்புல "நாளை பத்து மணி, அவசியம் வரவும்"னு ஒரு வரி போட்டா போதும். வராதவனுக்குத் தொழில்ல அக்கறை இல்ல.

சிவதாபுரத்துக்காரி: அக்கறையைப் பத்திப் பேச உங்களுக்கு வாய் வந்திருக்கு பாருங்க! பட்டறைக் கணக்கு எழுதுறவ சொல்றேன். திங்கக்கிழமை பத்து மணி, வெள்ளியை எடை போட்டு ஆளாளுக்குக் கொடுத்து நோட்டுல எழுதுற நேரம். பீஸ் கூலிக்காரரை அப்போ ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா, அந்தக் கூலியை யார் கொடுப்பா?

கொலுசுக்கடை முதலாளி: போனஸ் கொடுத்தேனே! பத்து மணின்னா பத்து மணிதான்.

செவ்வாய்ப்பேட்டை மணி: அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, முதல் நாளே பேசினாத்தான் வேகம் வரும். ஆனா குரூப்புல போடாதீங்க. மெருகு போடுற பெரியவங்க பாதிப் பேர் அதைப் பாக்கவே மாட்டாங்க. போன் பண்ணுங்க.

சிவதாபுரத்துக்காரி: வேகமா? தம்பி, திங்கக்கிழமை யார் யார் திரும்பி வந்திருக்காங்கன்னே தெரியாது. ஊர்ல இருந்து பஸ் கிடைக்காம செவ்வாய்க்கிழமை வர்றவங்க உண்டு, வேற பட்டறைக்கு மாறிப் போனவங்களும் உண்டு. பற்றவைக்க நாலு பேர்னு கணக்குப் போட்டு எண்பது ஜோடியை ஒத்துக்குவீங்க. புதன்கிழமை பாத்தா ரெண்டு பேர்தான் இருப்பாங்க. பற்றவைப்பு பின்தங்கினா மெருகு போடுறவங்க கையைக் கட்டிட்டு நிப்பாங்க, கடைக்காரர் போன் மேல போன் போடுவார்.

புதன் மதியம் மூணு மணிக்கு வைங்க. லீவு விடுற அன்னைக்கு, கூலி கொடுக்கும்போதே ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க: எந்தக் கடை ஆர்டர், என்ன மாடல், எந்தத் தேதிக்குள்ள போகணும், கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், உக்காந்த நேரத்துக்கு என்ன கூலி. எல்லாரும் வேண்டாம், கம்பி, பற்றவைப்பு, மெருகு மூணுக்கும் பொறுப்பானவங்க வந்தா போதும். செவ்வாய் சாயங்காலம் நேரத்தை மட்டும் ஞாபகப்படுத்துங்க.

ஏற்காடு எஸ்டேட்: எங்களுக்கு நவம்பர்ல காப்பிப் பழம் பறிப்பு. தீபாவளிக்கு இவ்வளவு நாள் யார் லீவு விடுறாங்க? நாங்க விட்டா பழம் உதிர்ந்துடும்.

செவ்வாய்ப்பேட்டை மணி: இங்க கொலுசைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

ஏற்காடு எஸ்டேட்: மலைக்காரன் பேசக்கூடாதா? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற ஆளுக்குப் பத்து மணிக் கூட்டம்னா விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்.

கொலுசுக்கடை முதலாளி: என் பட்டறையில மலையில இருந்து ஒருத்தரும் வரல. புதன்கிழமை வரைக்கும் திட்டமில்லாம வெள்ளியைக் கொடுத்தா சேதாரத்துக்கு அந்தம்மா பொறுப்பேத்துக்குமா?

சிவதாபுரத்துக்காரி: லீவுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட பழைய ஆர்டர் வேலை ரெண்டு நாளுக்கு இருக்கும், அதுக்குக் கொடுங்க. சேதாரம் எடைத் தராசுல தெரியும், கூட்டத்துல இல்ல. போன வருஷம் முன்பணம் வாங்கிட்டு வராத ஆளைப் பத்தி இதே இடத்துல அழுதீங்களே, அவரையும் ஞாயிறு ராத்திரி ஒரு வரியிலதானே கூப்பிட்டீங்க?

கொலுசுக்கடை முதலாளி: அந்தக் கதையை இழுக்காதீங்க. அவன் ஏமாத்திட்டுப் போனவன்.

செவ்வாய்ப்பேட்டை மணி: முன்பணம் கொடுத்ததுக்கு எழுதி வாங்கினீங்களா அண்ணா?

கொலுசுக்கடை முதலாளி: உனக்கென்ன அதுல? திங்கள், பத்து மணி. போட்டாச்சு.

சிவதாபுரத்துக்காரி: கூலி எவ்வளவுன்னு போட்டீங்களா?